ஜப்பானிய மொழித் திரை உள்ள காப்பியரில் ஸ்கேன் செய்து மெயில் அனுப்புவது எப்படி? மூன்று முறை முயன்றும் சரியாக வரவில்லை

தொப்பம்பட்டியான்:

நான் நாகோயா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறேன், வந்து 2 மாதம் ஆகிறது. பணி முடிந்ததற்கு அவர்கள் கொடுக்கும் ஏற்புச் சான்று 6 தாள், இரண்டு பக்கமும் அச்சு, ஆக 12 பக்கம். கடைசிப் பக்கத்தில் சிவப்பு முத்திரை. இதை ஸ்கேன் செய்து சென்னையில் இருக்கும் எங்கள் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினால்தான் இந்த மாத பில் போடுவார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

தளத்துக்கு ஒரே காப்பியர், நாற்பது பேர் பயன்படுத்துகிறார்கள், திரை முழுக்க ஜப்பானிய மொழி. போனைக் காட்டி மொழிபெயர்க்கலாம் என்று சொல்ல வேண்டாம், வாசலிலேயே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள்.

முதல் முறை என் மெயிலுக்கே அனுப்பினேன், 6 பக்கம் மட்டும் வந்தது. இரண்டாம் முறை பக்கத்திலிருந்த இன்னொரு பொத்தானை அழுத்திப் பார்த்தேன், 12 பக்கமும் வந்தது, ஆனால் 2, 4, 6 என்று இரட்டைப்படைப் பக்கமெல்லாம் தலைகீழ். சரி, அவர்கள் திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மூன்றாம் முறை சென்னை முகவரியை அடித்து நேராக அங்கேயே அனுப்பினேன். திரையில் ஏதோ நல்லபடியாக முடிந்த மாதிரிதான் வந்தது, ஆனால் சென்னைக்குப் போகவே இல்லை. ஸ்பாமிலும் இல்லையாம்.

காப்பிக்கடை:

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? எல்லா காப்பியரிலும் மொழி மாற்றும் பொத்தான் இருக்கிறது நண்பரே. முகப்புத் திரைக்குப் போய் `言語` என்ற இரண்டு எழுத்தைத் தேடுங்கள், அதை அழுத்தினால் `English` என்று வரும். முடிந்தது கதை.

தொப்பம்பட்டியான்:

தேடினேன் அண்ணா. முகப்பில் 8 ஐகான் இருக்கிறது, ஒன்றிலும் அந்த எழுத்து இல்லை.

ஒசாகா மீனாட்சி:

காப்பிக்கடை சொல்வது பாதி சரி. அந்த வசதி பெரும்பாலான இயந்திரங்களில் இருக்கும், ஆனால் அந்தப் பொத்தானை முகப்பில் காட்டுவதா வேண்டாமா என்பது நிர்வாகி அமைப்பில் இருக்கிறது. அங்கே அணைத்து வைத்திருந்தால் நீங்கள் எத்தனை திரை புரட்டினாலும் கிடைக்காது. அமைப்புக்குள் புகுந்து மாற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அங்கே மாற்றினால் மொத்தத் தளத்துக்கும் ஆங்கிலமாகிவிடும், அடுத்து வரும் ஜப்பானியர் திகைத்து நிற்பார். முகப்பில் வரும் பொத்தான் அப்படியில்லை, சிறிது நேரம் யாரும் தொடவில்லை என்றால் தானாகப் பழைய மொழிக்குத் திரும்பிவிடும். பொத்தானைக் காட்டச் சொல்லி `総務` பிரிவில் கேட்கலாம். அலுவலகத்தின் பொது நிர்வாகம் அவர்கள்தான், "சோமு" என்று உச்சரித்தால் சரியாகப் புரிந்துகொள்வார்கள்.

நான் இங்கே 11 வருடமாக அலுவலகக் கணினி, பிரிண்டர் வேலைதான் பார்க்கிறேன். உங்களுடைய மூன்று தோல்வியும் மூன்று வேறு வேறு காரணம். அதில் ஒன்றுக்கு மொழியோடு சம்பந்தமே இல்லை. முதலில் ஒன்று கேட்கிறேன், நீங்கள் மாற்றி அழுத்திய அந்தப் பொத்தான்களில் என்ன எழுத்து இருந்தது? வரைந்தாவது சொல்லுங்கள்.

பழைய பேப்பர்:

ஜப்பானிய எழுத்தை வெறுமனே ஸ்கேன் செய்தால் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக வராது, அதற்குப் படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் வேண்டும். நான் ஒரு பழைய அகராதியை இப்படித்தான் செய்தேன். 400 பக்கம், 3 வாரம்.

தொப்பம்பட்டியான்:

பழைய பேப்பர் ஐயா, என் ஆவணம் ஆங்கிலமும் ஜப்பானியமும் கலந்தது, அதைப் படம் மாதிரி அனுப்பினாலே போதும். திரையைத்தான் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மீனாட்சி அக்கா, மதிய உணவு நேரத்தில் போய் ஒரு துண்டுச் சீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டு பொத்தானிலும் இரண்டாவது எழுத்து ஒன்றேதான், கட்டம் கட்டமாக ஜன்னல் மாதிரி. முதல் எழுத்துதான் வேறு. ஒன்றில் நாற்காலியைப் பக்கவாட்டில் பார்ப்பது போல. மற்றொன்றில் மேலே ஒரு கோடு, கீழே சட்டத்துக்குள் திரிசூலம்.

ஒசாகா மீனாட்சி:

அருமை, இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நாற்காலி `片面`, ஒரு பக்கம். திரிசூலம் `両面`, இரு பக்கம். வழக்கமாக இயந்திரம் தொடங்கும்போது நாற்காலியில்தான் நிற்கும், அதனால்தான் முதல் முறை தாளின் முன்பக்கம் மட்டும் வந்தது, 6 தாளுக்கு 6 பக்கம்.

இரண்டாம் முறை திரிசூலத்தை அழுத்திவிட்டீர்கள், ஆனால் அதற்குப் பிறகு இன்னும் ஒரு கேள்வி இருந்திருக்கும். இரண்டு சிறிய படம், ஒன்றின் அருகே `左右開き`, மற்றதன் அருகே `上下開き`. முதலாவது புத்தகம் மாதிரி பக்கவாட்டில் புரட்டுவது, இரண்டாவது சுவரில் மாட்டும் நாள்காட்டி மாதிரி மேல்நோக்கிப் புரட்டுவது. சான்று புத்தகம் மாதிரி அச்சாகியிருக்கிறது, இயந்திரத்திடம் நாள்காட்டி என்று சொல்லியிருக்கிறீர்கள், அது பின்பக்கத்தை எல்லாம் பாடுபட்டுத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. எழுத்து நினைவில் நிற்காவிட்டால் படத்தைப் பாருங்கள்.

ஒன்று, தாளைப் படுக்கைவாட்டில் வைத்துவிட்டு நிமிர்த்தி வைத்ததாகத் திரையில் இருந்தாலும் இதே தலைகீழ் கோளாறு வரும். அதனால் 12 பக்கத்தையும் அனுப்பும் முன் ஒரே ஒரு தாளை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

ஸ்டுட்கார்ட் ரவி:

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இங்கே ஜெர்மன் திரை. எழுத்தாவது ஆங்கில எழுத்து, அந்தத் தைரியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். `Empfänger` என்றால் பெறுபவர், `Absender` என்றால் அனுப்புபவர், இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு அனுப்புபவர் கட்டத்தில் என் முகவரியை அடித்தேன். பெறுபவர் கட்டத்தில் ஏற்கெனவே ஏதோ பெயர் இருந்தது, அது இயந்திரத்தின் பெயர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அது எனக்கு முன்னால் நின்றிருந்த அம்மாள் தேர்ந்தெடுத்திருந்த முகவரி. அவர் வேலையை முடிக்காமலே தொலைபேசிக்குப் போயிருந்தார். என் சம்பளச் சீட்டு, வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் கொள்முதல் பிரிவில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் நல்லவர், என் மேசைக்கே வந்து அழித்துவிட்டேன் என்று சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவரை எதிரில் பார்த்தாலே எனக்கு என் சம்பளம் ஞாபகம் வந்துவிடும்.

அன்று முதல் காப்பியர் முன்னால் போய் நின்றதும் முதல் வேலையாக `Zurücksetzen`. ஜப்பானில் இதற்கு என்ன?

ஒசாகா மீனாட்சி:

`リセット`. ரிசெட் என்பதைத்தான் கத்தகானாவில் எழுதியிருக்கிறார்கள். பல இயந்திரங்களில் திரைக்கு வெளியே தனி விசையாகவே இருக்கும். ரவி சொன்னதைத் தயவுசெய்து எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள், இங்கே நான் பார்த்த தவறான அனுப்பல்களில் பாதி இப்படித்தான், முந்தையவர் விட்டுப்போன `宛先`. பெறுபவர் கட்டத்தின் தலைப்பு அதுதான், இரண்டு எழுத்து. அங்கே உங்களுக்குத் தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் பச்சை விசையைத் தொடாதீர்கள். அனுப்பத் தொடங்கிய பிறகு தெரிந்தால் சிவப்பு விசை, அல்லது `中止`.

கவாசாகி கண்மணி:

மாதாமாதம் அனுப்ப வேண்டியது என்றால் ஏன் முகவரியை விரலால் ஒவ்வோர் எழுத்தாக அடிக்கிறீர்கள்? முகவரிப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும், வாடிக்கையாளர் மெயில் ஐடி கொடுத்திருந்தால் பெரும்பாலும் அதிலும் ஏற்றியிருப்பார்கள்.

அவசரமென்றால் அருகில் இருக்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோர். ஸ்கேன் ஒரு பக்கம் 30 யென், யுஎஸ்பியில் எடுத்துக்கொள்ளலாம்.

தொப்பம்பட்டியான்:

வாடிக்கையாளர் ஆவணத்தைத் தெருமுனைக் கடைக்கு எடுத்துப்போனால் என்னை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் கண்மணி 😀 யுஎஸ்பிக்கும் தடை.

முகவரிப் புத்தகத்தில் இருக்கிறேனா என்று தேடிப் பார்த்தேன், `アドレス帳` என்று போட்டிருந்தது, திறந்தால் பத்துத் தாவல், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எழுத்து. எதில் என்று தேடுவது? என் பெயர் செந்தில்குமார், ச வரிசை எது?

கவாசாகி கண்மணி:

அந்தப் பத்து எழுத்தும் `あ か さ た な は ま や ら わ`. அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வாசியுங்கள், நம் அரிச்சுவடி மாதிரியேதான் போகும். அவர்களுடைய வரிசையும் சமஸ்கிருத எழுத்துமுறையைப் பார்த்து அமைந்ததுதான், அதனால் நமக்குப் பத்து நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிடும். ச மூன்றாவது தாவல், `さ`.

தொப்பம்பட்டியான்:

மூன்றாவது தாவலில் 2 பக்கம் பெயர், எல்லாம் சாத்தோ, சசாக்கி, சுசுக்கியாகத்தான் இருப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன், செந்தில்குமார் இல்லை.

கவாசாகி கண்மணி:

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் என்ன இருக்கிறது?

தொப்பம்பட்டியான்:

அப்பா பெயர். ராமசாமி.

கவாசாகி கண்மணி:

அப்படியென்றால் ஒன்பதாவது தாவல், `ら`. அங்கே உங்கள் அப்பா உட்கார்ந்திருப்பார். இந்த ஊரில் என்னையும் எல்லோரும் என் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், முதல் மாதம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

தொப்பம்பட்டியான்:

இருக்கிறார்! `ラマサミ`. 28 எழுத்து அடிப்பது மிச்சம்.

காப்பிக்கடை:

மூன்றாவது சிக்கலுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அது நிச்சயமாக வெளி முகவரித் தடை. காப்பியரிலிருந்து நிறுவனத்துக்கு வெளியே மெயில் போகாதபடி பூட்டியிருப்பார்கள், எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான்.

ஒசாகா மீனாட்சி:

இருக்கலாம், ஆனால் "நிச்சயமாக" என்று சொல்ல முடியாது. அப்படிப் பூட்டியிருந்தால் பல இயந்திரங்களில் முகவரியை அடித்ததுமே மறுத்துவிடும். இங்கே `送信`, அதாவது அனுப்புதல், முடிந்ததாகக் காட்டியிருக்கிறது.

அந்த முடிவுச் செய்தியை நம்புகிறவர்கள் நிறையப் பேர். காப்பியர் அந்த மெயிலை அலுவலகத்து மெயில் சர்வரிடம் ஒப்படைக்கும், சர்வர் "வாங்கிக்கொண்டேன்" என்றதும் காப்பியரின் வேலை முடிந்தது, திரையில் நல்லபடியாகச் செய்தி வந்துவிடும். அதற்குப் பிறகு சென்னை சர்வர் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினால், அந்த மறுப்புக் கடிதம் அனுப்பியவருக்குத்தான் வரும். அனுப்பியவர் யார்? நீங்கள் இல்லை. காப்பியருக்கென்று வைத்திருக்கும் ஒரு முகவரி, அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை, பல இடங்களில் அப்படி ஒரு பெட்டியே கிடையாது. அதனால் உங்களுக்கு எதுவுமே தெரியாமல் போய்விட்டது.

எனவே காப்பியரிலிருந்து உங்கள் பெட்டிக்கு மட்டும் அனுப்புங்கள், அதைத் திறந்து 12 பக்கமும் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு கணினியிலிருந்து நீங்களே சென்னைக்கு அனுப்புங்கள். அது திரும்பி வந்தால் உங்களுக்கே வரும், காரணத்தோடு வரும். வாடிக்கையாளர் மெயிலிலிருந்து வெளியே ஆவணம் அனுப்ப அனுமதி இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை வந்த கோப்பு எவ்வளவு பெரியது?

தொப்பம்பட்டியான்:

9.1 எம்பி. சென்னையில் வரம்பு 10 எம்பி என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவு சொல்கிறது, அதனால் அளவு காரணமாக இருக்காது. சான்றை அனுப்ப மேலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

ஒசாகா மீனாட்சி:

அளவுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது தம்பி. மெயிலில் கோப்பு அப்படியே போகாது, வெறும் எழுத்தாக மாற்றித்தான் போகும். அந்த மாற்றத்தில் 3 பைட் 4 பைட்டாகிவிடும். உங்கள் 9.1 எம்பி கம்பியில் போகும்போது 12 எம்பிக்கு மேல். 10 எம்பி வரம்பு என்றால் கோப்பு 7 எம்பிக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு.

தொப்பம்பட்டியான்:

புதன் மாலை நிலவரம். முதலில் `リセット`, பிறகு ஸ்கேன், ஒன்பதாவது தாவலில் அப்பா, `両面`, புத்தகப் படம். தாளை மேலே உள்ள தட்டில் அச்சு மேல்நோக்கி வைத்ததும் சின்ன விளக்கு எரிந்தது, அது எரியாவிட்டால் தாள் சரியாக உள்ளே போகவில்லை என்று அர்த்தமாம், பக்கத்து இருக்கைக்காரர் காட்டினார். 12 பக்கமும் நேராக வந்தது, அதே 9.1 எம்பி. உங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே அப்படியே கணினியிலிருந்து சென்னைக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது:

```
552 5.3.4 Message size exceeds fixed limit
```

நீங்கள் சொன்னதுதான் அக்கா. காப்பிக்கடை அண்ணா மன்னிக்கவும். இப்போது எப்படிச் சின்னதாக்குவது? கறுப்பு வெள்ளையில் எடுக்கட்டுமா?

காப்பிக்கடை:

கறுப்பு வெள்ளைதான், `白黒`. பத்தில் ஒரு பங்காகிவிடும்.

ஒசாகா மீனாட்சி:

சிறியதாகும், ஆனால் சிவப்பு முத்திரை கறுப்பாகிவிடும். கறுப்பு எழுத்தின் மேலேயே முத்திரை விழுந்திருந்தால் இரண்டும் கலந்து ஒரே திட்டாகிவிடும். இந்த ஊரில் முத்திரையை நிறுவனப் பெயரின் கடைசி எழுத்தின் மேல் படும்படி குத்துவது வழக்கம், அதனால் நிச்சயம் கலக்கும். அசல் முத்திரைதானா என்று உங்கள் கணக்குப் பிரிவு கேள்வி கேட்கும்.

நிறத்தை விட்டுவிடுங்கள், நுணுக்கத்தைக் குறையுங்கள். `解像度` என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது பாருங்கள், எண் மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றுதான். பெரும்பாலும் 300 டிபிஐ இருக்கும், அதாவது ஓர் ஏ4 தாளுக்கு 2480 பெருக்கல் 3508 புள்ளி. அதை 200 ஆக்குங்கள், அகலத்திலும் உயரத்திலும் குறைவதால் புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும். 9.1 எம்பி ஏறத்தாழ 4 எம்பி ஆகும். சாதாரண அச்சு எழுத்துக்கு 200 போதும், அடிக்குறிப்பில் பொடி எழுத்து இருந்தால் மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பேப்பர்:

200 டிபிஐயில் ஓசிஆர் சரியாக வராது. 300 வேண்டும்.

ஸ்டுட்கார்ட் ரவி:

ஐயா 😂

கவாசாகி கண்மணி:

சில இயந்திரங்களில் `高圧縮PDF` என்று ஒன்று இருக்கும், அதிகம் சுருக்கிய பிடிஎஃப். 300 டிபிஐயிலேயே சின்னதாக வரும். என் அலுவலகத்தில் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஒசாகா மீனாட்சி:

அதுவும் நல்லதுதான், ஆனால் எழுத்தையும் பின்னணியையும் பிரித்துத் தனித்தனியாகச் சுருக்குவது அது. முத்திரை எந்தப் பக்கம் சேரும் என்பது இயந்திரத்தைப் பொறுத்தது, சிலவற்றில் ஓரம் மங்கலாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதில் நன்றாக வருகிறது என்றால் சரி, நான் முத்திரை உள்ள தாளுக்கு அதைத் தொடுவதில்லை.

தொப்பம்பட்டியான்:

வியாழன் காலை 8 மணி, யாரும் வருவதற்கு முன்னால். 200 டிபிஐ, வண்ணம். 4.2 எம்பி வந்தது. முத்திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகள் தனித்தனியாகத் தெரிகின்றன, அடியில் இருக்கும் கறுப்பு எழுத்தும் தெரிகிறது. சென்னைக்கு அனுப்பினேன், அவர்களுடைய காலை 10 மணிக்குக் கிடைத்தது என்று பதில் வந்துவிட்டது.

மொழிப் பொத்தானைக் காட்டச் சொல்லி சோமுவிடம் கேட்டிருக்கிறேன். பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வரும்போது கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள், அவர் எப்போது வருவார் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. காப்பியரிலிருந்து நேராகச் சென்னைக்கு அனுப்பிய மெயிலின் மறுப்புக் கடிதம் எங்கே போனது என்றும் கேட்டேன். காப்பியர் முகவரி ஒன்று இருப்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

காப்பிக்கடை:

அந்தப் பெட்டி எங்கோ ஒரு சர்வரில் நிரம்பிக் கொண்டிருக்கும் பாருங்கள்.

ஸ்டுட்கார்ட் ரவி:

இங்கே எங்கள் அலுவலகத்திலும் கேட்கப் போகிறேன். மீனாட்சி, கண்ணாடி மேல் ஒவ்வொரு தாளாக வைத்து எடுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடுகிறதே, அது எதனால்?

ஒசாகா மீனாட்சி:

அது நிற்கவில்லை, அடுத்த தாளுக்காகக் காத்திருக்கிறது. ஜப்பானியத் திரையில் `次の原稿` என்று கேட்கும், அடுத்த தாளை வைத்து மீண்டும் தொடக்க விசையை அழுத்த வேண்டும், எல்லாம் முடிந்ததும் முடிந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மேசைக்கு வந்து மெயில் வரவில்லை என்று காத்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஜெர்மன் திரையில் அதற்கு என்ன வார்த்தை என்று பார்த்து நீங்கள்தான் இங்கே எழுத வேண்டும்.